கல்யாணப் படம் கொடுத்த பிறகும் காலியாகாத எஸ்எஸ்டி

அது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். மாலையில் எடுத்த நிச்சயதார்த்தத்தின் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு, அதை ஃபார்மேட் செய்து மறுபடி கேமராவில் போட வேண்டும். கார்டில் 118 ஜிபி இருந்தது. காப்பி கொடுத்தால் இடம் போதாது, இன்னும் 97 ஜிபி வேண்டும் என்று விண்டோஸ் சொன்னது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. E: டிரைவ் 2 டிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் கணக்கில் 1,863 ஜிபி. முடிந்துபோன மூன்று கல்யாணங்களின் ஃபுட்டேஜையும் இரண்டு வாரத்துக்கு முன்பே ஹார்ட் டிஸ்குக்கு மாற்றிவிட்டேன். மூன்றுக்கும் எடிட்டைச் சேமிக்கும் .drp கோப்பு எடுத்து வைத்துக்கொண்டு, நான் எடிட் செய்யும் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் ப்ராஜெக்ட் மேனேஜரிலிருந்தும் அழித்துவிட்டேன். ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வேலை. அதன் ஃபுட்டேஜ் 410 ஜிபி. பாட்டு, எக்ஸ்போர்ட் எல்லாம் சேர்த்து இன்னொரு 94. மிச்சம் 1,300 ஜிபிக்கு மேல் எங்கே போனது?

விஸ்ட்ரீ போட்டுப் பார்த்தேன். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாகக் காட்டும் சின்ன மென்பொருள் அது. முதல் வரியில் CacheClip, 936 ஜிபி. அடுத்த வரியில் ProxyMedia, 402 ஜிபி. நான் கையால் எதையும் போட்டு வைக்காத இரண்டு ஃபோல்டர்கள் டிரைவில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்து வைத்திருந்தன.

ப்ராஜெக்டை அழித்தால் அதோடு சேர்ந்த எல்லாம் போய்விடும் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. ப்ராஜெக்ட் மேனேஜரில் அழிப்பது டேட்டாபேஸில் இருக்கும் எடிட்டை மட்டும்தான். டைம்லைன் சீராக ஓடுவதற்காக ரிசால்வ் முன்கூட்டியே செய்து வைக்கும் கேஷும், ஃபுட்டேஜின் சின்னப் பிரதியான ப்ராக்ஸியும் டிஸ்கில் அப்படியே கிடக்கும். அதைவிட மோசம், ப்ராஜெக்ட் போன பிறகு அந்தக் கேஷை வழக்கமான மெனுவிலிருந்து அழிக்க முடியாமல் போகிறது. `Playback > Delete Render Cache > All` என்பது திறந்திருக்கும் ப்ராஜெக்டின் கேஷைத்தான் பார்க்கும். அன்றைக்கு அதைக் கொடுத்தபோது ஓடிக்கொண்டிருந்த வேலையின் 70 ஜிபி மட்டும் காலியானது. மீதி 866 ஜிபியும் சொந்தக்காரர் இல்லாத வீடு மாதிரி பூட்டிக் கிடந்தது. CacheClip-க்குள் போனால் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான பெயர்களில் ஃபோல்டர்கள். அவற்றுக்குள் .dvcc என்று முடியும் கோப்புகள். எது எந்தக் கல்யாணம் என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது.

ஒரு படத்துக்கு இவ்வளவு எப்படிச் சேர்கிறது என்பதை அந்த மூன்றில் பெரிய கல்யாணத்தை வைத்துச் சொல்கிறேன். மூன்று கேமரா, ஒரு ட்ரோன். 4கே, 25 ஃபிரேம், 100 எம்பிபிஎஸ். இந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மொத்தம் 14 மணி நேர ஃபுட்டேஜ், ஆக 630 ஜிபி. இதற்கு 1080 அளவில் DNxHR LB ப்ராக்ஸி போட்டிருந்தேன். மணிக்குச் சுமார் 16 ஜிபி. 14 மணி நேரத்துக்கு 225 ஜிபி. ப்ராக்ஸி என்றால் சின்னது என்ற எண்ணம் நம் மனதில் இருக்கிறது. எடிட்டில் வராத ஃபுட்டேஜுக்கும் சேர்த்துத்தான் ப்ராக்ஸி போடுகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

கேஷ் இதைவிடப் பெரிய ஆள். ஒரிஜினல் கோப்பில் ஒரு நிமிடம் 750 எம்பி. அதே ஒரு நிமிடம் கேஷில் சுமார் 5.2 ஜிபி. ஏழு மடங்கு. கேமரா பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களை ஒப்பிட்டு, மாறிய இடத்தை மட்டும் எழுதிக்கொள்வதால் அதன் கோப்பு சின்னதாக இருக்கிறது. கேஷ் தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக, முழுசாக எழுதி வைக்கிறது. என் செட்டிங்கில் ரெண்டர் கேஷ் ஃபார்மேட் DNxHR HQX என்று இருந்தது. தரத்தில் உயர்ந்தது, எடையிலும் உயர்ந்தது.

அந்த மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்ததால் படத்தில் புள்ளி நிறைய. அதனால் மண்டபக் காட்சி முழுக்க நாய்ஸ் ரிடக்ஷன் போட்டேன். நாய்ஸ் ரிடக்ஷன் போட்ட கிளிப் கேஷ் ஆகாமல் சீராக ஓடாது. அறுபது நிமிடக் காட்சி, 310 ஜிபி. படத்தைப் பார்த்த பெண்வீட்டார் முகம் எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார்கள். நிறத்தை மாற்றினேன். நிறம் மாறியதும் பழைய கேஷ் செல்லாது, புதிதாக ஒன்று உருவானது. இன்னொரு 310 ஜிபி. பழையது தானாகப் போகவில்லை. செல்லாத கேஷை அழிக்க அதே மெனுவில் `Unused` என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதை நான் ஒருநாளும் தொட்டதில்லை. ஆக அந்த ஒரு கல்யாணத்துக்கு மட்டும் கேஷ் 620 ஜிபி. ஒரிஜினல் ஃபுட்டேஜ் அளவுக்கே வந்துவிட்டது.

இதெல்லாம் பிறகு உட்கார்ந்து போட்ட கணக்கு. அன்று இரவு பதினொன்றரை மணி. விடிகாலை நாலு மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். ரிசால்வை மூடினேன். E:-யில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த `CacheClip`, `ProxyMedia`, `.gallery` மூன்றையும் தேர்ந்தெடுத்து, ரீசைக்கிள் பின்னுக்குப் போனால் இடம் காலியாகாது என்று Shift+Delete கொடுத்தேன். சில நிமிடங்களில் டிரைவில் மொத்தம் 1,350 ஜிபிக்கு மேல் காலி. கார்டை இறக்கிவிட்டுத் தூங்கப் போனேன்.

அதில் CacheClip-ஐ அழித்தது சரி. மற்ற இரண்டையும் அழித்தது தப்பு. இரண்டும் வேறு வேறு விதமான தப்பு.

முதல் தப்பு திங்கட்கிழமையே தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்த வேலையைத் திறந்து கலர் பக்கம் போனால், கேலரியில் வைத்திருந்த ஸ்டில்கள் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு கேமராவுக்கும் தோல் நிறம் சரியாக வரும்படி ஒரு கிளிப்பில் கலர் செய்து, அதை ஸ்டில்லாக எடுத்து வைத்து, மற்றக் கிளிப்களுக்கு அதைத்தான் போடுவேன். அந்த ஸ்டில்லின் படமும் அதன் கலர் விவரமும் `.gallery` ஃபோல்டருக்குள் .dpx, .drx என்ற கோப்புகளாக இருக்கின்றன. ரிசால்வ் வழக்கமாகக் கேஷ், ப்ராக்ஸி, கேலரி மூன்றையும் ஒரே டிரைவில் அருகருகே வைக்கிறது. பெயர் புள்ளியில் தொடங்குவதால் பார்க்க ஏதோ தற்காலிகக் கோப்பு போலத் தெரிகிறது. அது நம் கைவேலை. கேஷ் போனால் கம்ப்யூட்டர் மறுபடி செய்துகொள்ளும். கேலரி போனால் நாம்தான் மறுபடி செய்ய வேண்டும்.

நல்லவேளையாக, டைம்லைனில் கிளிப்களுக்கு ஏற்கெனவே போட்டிருந்த கலர் ப்ராஜெக்டுக்குள் இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே கலர் முடித்த கிளிப் ஒவ்வொன்றிலும் நின்று `Grab Still` கொடுத்து மறுபடி ஸ்டில் எடுத்தேன். முடிந்த கல்யாணங்களின் .drp கையில் இருந்ததால் அவற்றை இம்போர்ட் செய்து, அங்கிருந்தும் எடுத்தேன். ஒரு முழு நாள் போனது. .drp இல்லாதிருந்தால் அதற்கும் வழி இருந்திருக்காது.

இரண்டாவது தப்பு தெரிய இரண்டு மாதம் ஆனது. அதைத்தான் இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்தப் பெரிய கல்யாணத்தின் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. பாட்டி தவறிவிட்டார், படத்தில் அவர் வரும் இடங்களை வைத்துச் சின்னதாக ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். அன்றே .drp-ஐ இம்போர்ட் செய்து, ஹார்ட் டிஸ்கை மாட்டி, ஃபுட்டேஜ் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டி ரீலிங்க் செய்தேன். எல்லாம் வந்தது, ட்ரோன் தவிர. இருபத்து மூன்று கிளிப்பும் சிவப்பாக `Media Offline`. மாப்பிள்ளை அழைப்பில் பாட்டி திறந்த காரில் உட்கார்ந்து வரும் ஷாட் அதில்தான் இருந்தது.

பின்னோக்கி யோசித்ததில் நடந்தது புரிந்தது. ட்ரோன் தம்பி கார்டு கொண்டுவந்த அன்று, அவசரத்தில் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் இறக்கியிருக்கிறேன். அங்கிருந்தே ரிசால்வுக்குள் இழுத்துப் போட்டுவிட்டேன். ப்ராக்ஸியும் போட்டாயிற்று. படம் எக்ஸ்போர்ட் ஆகும்வரை ஒரிஜினல் டெஸ்க்டாப்பில் இருந்தது. கல்யாண ஃபோல்டரை ஹார்ட் டிஸ்குக்கு மாற்றும்போது டெஸ்க்டாப்பில் இருந்தது அதில் சேரவில்லை. பிறகொரு நாள் டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்தபோது அது போய்விட்டது.

அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏன் தெரியவில்லை என்றால், ப்ராக்ஸி அதை மறைத்துவிட்டது. நான் எப்போதும் `Prefer Proxies` என்ற நிலையிலேயே வேலை செய்வேன். அந்த நிலையில் ஒரிஜினல் காணாமல் போனாலும் ப்ராக்ஸி இருந்தால் கிளிப் ஓடும். டைம்லைனைத் தள்ளிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே இருக்கும். அந்த வெள்ளிக்கிழமை இரவு ProxyMedia-வை அழித்தபோது, அந்த ட்ரோன் ஷாட்களுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே பிரதியை அழித்திருக்கிறேன். 1080 அளவுதான் என்றாலும் பாட்டிக்கான படத்துக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

ட்ரோன் தம்பிக்குப் போன் போட்டேன். "அண்ணே, அந்தக் கார்டுல அதுக்கப்புறம் நாலு கல்யாணம் எடுத்தாச்சுண்ணே. லேப்டாப்புலயும் வச்சுக்கலையே" என்றான். அவன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியவன் நான்.

கடைசியில் வீட்டாருக்குக் கொடுத்த எக்ஸ்போர்ட் கோப்பிலிருந்து அந்த இடங்களை வெட்டி எடுத்தேன். முழுப் படத்தில் பயன்பட்ட பதினொரு ட்ரோன் ஷாட் அதில் இருந்தன. அவற்றில் இரண்டில் முன்னும் பின்னும் டிசால்வ் கலந்திருந்ததால் பயன்படவில்லை. பாட்டி வரும் ஷாட் கிடைத்தது, நாலு விநாடி. ஒரிஜினலில் அது ஏறக்குறைய முப்பது விநாடி ஓடும். அந்த இருபத்தாறு விநாடியை அவர்கள் பார்த்ததே இல்லை, அதனால் கேட்கவும் இல்லை. எனக்குத் தெரியும்.

இதற்குப் பிறகு ஒரு வேலையை மூடும் வரிசையை மாற்றிக்கொண்டேன். முன்பு ப்ராஜெக்டை முதலில் அழித்தேன். இப்போது அதுதான் கடைசி.

படம் கொடுத்து, பணம் வாங்கி, திருத்தம் எதுவும் இல்லை என்று ஆன பிறகு, ஃபுட்டேஜை ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி செய்கிறேன். மூவ் செய்வதில்லை, காப்பி. பிறகு ப்ராஜெக்டைத் திறந்து, கிளிப்களை ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பிரதிக்கு ரீலிங்க் செய்கிறேன். அடுத்தது `Playback > Proxy Handling > Disable All Proxies`. இதைக் கொடுத்தவுடன் ரிசால்வ் ப்ராக்ஸியைத் திரும்பிப் பார்க்காது, ஒரிஜினலை மட்டுமே தேடும். ஒரிஜினல் இல்லாத கிளிப் எதுவானாலும் அந்த நொடியே சிவப்பாகிவிடும். டைம்லைனை மட்டும் பார்த்தால் போதாது, மீடியா பூலில் உள்ள பின் ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எடிட்டில் வராத கிளிப்தான் இரண்டு மாதம் கழித்துத் தேவைப்படும். ரீலிங்க் செய்யும்போது எந்தக் கிளிப் இன்னும் C: அல்லது E: பாதையைக் காட்டுகிறது என்பதையும் கவனிக்கிறேன். டெஸ்க்டாப்பில் ஒளிந்திருக்கும் ஃபோல்டர் அங்கேதான் பிடிபடும். கேஷை இன்னும் அழிக்காததால் சில இடங்கள் கேஷிலிருந்து ஓடக்கூடும். அதனால் இந்தச் சோதனையின்போது `Playback > Render Cache > None` என்று வைத்துக்கொள்கிறேன்.

எல்லாம் சுத்தமாக இருந்தால், ப்ராஜெக்ட் திறந்திருக்கும்போதே `Delete Render Cache > All`. பிறகு ப்ராக்ஸி. அதற்குப் பிறகு ப்ராஜெக்ட் மேனேஜரில் .drp எடுத்து, ஃபுட்டேஜ் இருக்கும் ஹார்ட் டிஸ்கிலேயே வைக்கிறேன். சிலர் .drp-க்குப் பதில் ஆர்க்கைவ் எடுக்கிறார்கள். அது ஃபுட்டேஜையும் சேர்த்து ஒரே இடத்தில் கட்டித் தரும், நல்ல வழிதான். அதில் ரெண்டர் கேஷையும் ப்ராக்ஸியையும் சேர்க்கலாமா என்று கேட்கும் டிக்குகளை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எஸ்எஸ்டியில் இருந்த குப்பை முழுவதும் ஹார்ட் டிஸ்கில் போய் உட்காரும். இவ்வளவும் ஆன பிறகே E:-யில் உள்ள ஃபுட்டேஜ் அழியும், அதற்கும் பிறகே ப்ராஜெக்ட்.

ப்ராக்ஸி பற்றி இன்னொன்று. நான் போட்ட ப்ராக்ஸி ஒரே இடத்தில், ProxyMedia-வில் இருந்தது. ப்ராக்ஸி ஜெனரேட்டர் மென்பொருளில் போடுகிறவர்களுக்கு ஃபுட்டேஜ் ஃபோல்டர் ஒவ்வொன்றுக்குள்ளும் `Proxy` என்று ஒரு துணை ஃபோல்டர் உருவாகும். எஸ்எஸ்டியில் தேடினால் அது பெரிய ஃபோல்டராகத் தெரியாது, பத்து இடத்தில் சிதறிக் கிடக்கும். ஃபுட்டேஜோடு சேர்ந்து ஹார்ட் டிஸ்குக்கும் போய்விடும். பக்கத்து ஊர் ஸ்டூடியோ நண்பர் ஒருவரின் ஹார்ட் டிஸ்கைப் பார்த்தபோது கால் பங்கு இடத்தை இந்த ஃபோல்டர்கள்தான் பிடித்திருந்தன.

கேஷ் மாதிரியே இருந்து, கேஷ் இல்லாத இன்னொன்று `Render in Place`. கனமான கிளிப்பை இதில் போட்டால் அதைப் புதுக் கோப்பாக எழுதி, டைம்லைனில் பழையதற்குப் பதில் அதை வைத்துவிடும். தாலி கட்டும் ஷாட்டை ஸ்லோமோஷன் ஆக்கும்போது இதைப் பயன்படுத்துவேன். அந்தக் கோப்பு இப்போது ஃபுட்டேஜ். அதை அழித்தால் டைம்லைனில் ஓட்டை விழும். மூடும்போது கிளிப்பின்மேல் ரைட் கிளிக் செய்து `Decompose to Original` கொடுத்து பழைய நிலைக்குக் கொண்டுவரலாம், அல்லது அந்தக் கோப்பையும் ஃபுட்டேஜோடு எடுத்துவைக்கலாம். நான் எடுத்துவைக்கிறேன்.

பிரீமியர் ப்ரோவில் வேலை செய்யும் தம்பிகள் கேட்பதால் சுருக்கமாக. அங்கே இரண்டு இடம் பார்க்க வேண்டும். ரெண்டர் செய்த ப்ரிவ்யூ கோப்புகள் வழக்கமாக ப்ராஜெக்ட் கோப்புக்குப் பக்கத்தில் `Adobe Premiere Pro Video Previews` என்ற ஃபோல்டரில் இருக்கும். ப்ராஜெக்டைத் திறந்து, `Sequence` மெனுவில் `Delete Render Files` கொடுத்தால் போகும். மீடியா கேஷ் என்பது தனி. அது எந்த டிரைவில் வேலை செய்தாலும் வழக்கமாக C:-யில், உங்கள் பெயரின் AppData-வுக்குள் சேரும். விண்டோஸ் டிரைவ் காரணம் தெரியாமல் நிறைந்தால் அங்கே பாருங்கள். பிரீமியரின் `Preferences > Media Cache`-இல் இடத்தை மாற்றவும், பழையதைத் தானாக அழிக்கவும் வழி இருக்கிறது.

என் பக்கம், கேஷ் சேருவதையே கொஞ்சம் குறைத்தேன். கலர் செய்யும் நாட்களில் மட்டும் HQX. வெட்டி ஒட்டும் நாட்களில் ரெண்டர் கேஷ் ஃபார்மேட்டை இறக்கி வைத்துக்கொள்கிறேன். இறக்கினால் கடைசிப் படம் கெட்டுப்போகுமோ என்று பயந்தேன். டெலிவர் பக்கத்தில் `Use render cached images`, `Use proxy media` இரண்டிலும் டிக் இல்லாதவரை எக்ஸ்போர்ட் ஒரிஜினலிலிருந்துதான் போகும். ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டுக்கும் முன்னால் அதை ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். வானம், வெள்ளைச் சுவர் போன்ற இடங்களில் திரையில் கோடு கோடாகத் தெரியலாம். அது கேஷின் குறைதான், படத்தில் வராது.

உண்மையில் என் தலைவலியைத் தீர்த்தது வேறொரு சின்ன மாற்றம். புது ப்ராஜெக்ட் தொடங்கியதும், ஒரு கிளிப்கூட உள்ளே கொண்டுவருவதற்கு முன், `Project Settings > Master Settings > Working Folders` போய், கேஷ், ப்ராக்ஸி, கேலரி மூன்றுக்கும் இடத்தை நானே கொடுத்துவிடுகிறேன். கேலரி வேறு டிரைவில்.

```
E:\TEMP\kalyanam_07\cache
E:\TEMP\kalyanam_07\proxy
D:\GALLERY
```

இப்போது TEMP-க்குள் இருக்கும் ஃபோல்டரின் பெயரே எது யாருடையது என்று சொல்கிறது. ப்ராஜெக்டை முன்கூட்டியே அழித்துவிட்டால்கூட கேஷ் அநாதையாகாது. ட்ரோன் கார்டு எவ்வளவு அவசரத்தில் வந்தாலும் E:-யில் அந்தக் கல்யாணத்தின் ஃபுட்டேஜ் ஃபோல்டரில்தான் இறங்குகிறது. உதவிக்கு இருக்கும் பையனுக்கும் சொல்லிவிட்டேன், மானிட்டர் ஓரத்தில் எழுதியும் ஒட்டியிருக்கிறேன்: ப்ராக்ஸியை நிறுத்திப் பார்த்து, சிவப்பு ஒன்றும் இல்லை என்று இருவரும் பார்த்த பிறகுதான் TEMP-இல் கை வைக்க வேண்டும்.